பெர்ஃப்யூம் பாட்டில் குளோசப்: 8 நொடி வீடியோவுக்கான பிராம்ப்ட்

8 நொடி, 16:9, நொடிக்கு 24 ஃபிரேம், ஒரே ஷாட், கட் இல்லை. கேமரா அசையாது, பாட்டிலும் அசையாது. ஒரே ஒரு விளக்கு மட்டும் மெதுவாக நகர்கிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு மாற்றமும் அந்த விளக்கால் வந்ததாகவே இருக்கட்டும்.

பாட்டில்: 50 மி.லி., செவ்வக வடிவம், நிறமற்ற தடித்த கண்ணாடி. அடிப்பாகக் கண்ணாடி மட்டும் 12 மி.மீ. கனம். மூலைகள் கூர்மையாக இல்லாமல் 2 மி.மீ. அளவுக்கு உருண்டு இருக்கட்டும். மூலை கத்திபோல இருந்தால் ஒளிக்கோடு அங்கே நிற்க இடமில்லாமல் விட்டுவிட்டு மின்னும். லேபிள், எழுத்து, லோகோ எதுவும் வேண்டாம். ஒளி எழுத்தின் மேல் ஊரும்போது எழுத்தும் உருகி மாறும் என்பதால் முகப்பு வெறுமையாகவே இருக்கட்டும். பாட்டில் கேமராவுக்கு நேராக நிற்காமல், முகப்பு 25 டிகிரி வலப்பக்கம் திரும்பி நிற்கிறது. அதனால் அகலமான முகப்பும், இடப்பக்கத்தின் ஒடுங்கிய பக்கவாட்டும் சேர்ந்து தெரியும். மூடி ஃபிரேமுக்கு வெளியே. கழுத்தின் உலோக வளையம் மேல் விளிம்பில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும்.

திரவம்: வெளிறிய அம்பர் நிறம், தேனைவிட மிகவும் மெல்லியது, பால்போலக் கலங்காதது. ஃபிரேமின் மேல் மூன்றில் ஒரு பங்கில் திரவ மட்டம். கண்ணாடியைத் தொடும் இடத்தில் திரவம் மெல்லிய வளைவாக ஏறி, ஒரு கருங்கோடும் அதை ஒட்டி ஒரு வெண்கோடுமாகத் தெரியட்டும். உறிஞ்சு குழாய் மட்டத்துக்கு மேலே தெளிவாகத் தெரியும், திரவத்துக்குள் கிட்டத்தட்ட மறைந்துவிடும். மட்டத்தைத் தாண்டும் இடத்தில் சற்று விலகி உடைந்ததுபோலத் தெரியும். குமிழி, அலை, சுழல் எதுவும் இல்லை. யாரும் தொடாத பாட்டிலில் திரவம் ஆடினால் மொத்தக் காட்சியும் பொய்யாகிவிடும்.

லென்ஸ்: 100 மி.மீ. மேக்ரோ, f/11, ஷட்டர் 1/48. முகப்பு முழுவதும் ஃபோகஸில், பின்சுவர் லேசாக மங்கல்.

நிலையான ஒளி: பாட்டிலுக்கு நேர் பின்னால் ஃபிரேமைவிடச் சிறிய ஒரு வெள்ளைப் பேனல், வெளிச்சம் குறைவாக, ஓரம் நோக்கி மெல்ல இருளும்படி. திரவம் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தெரிய இதுவே காரணம். பேனலுக்கு வெளியே இருபுறமும் கருந்திரை. அந்தக் கருமைதான் கண்ணாடியின் ஓரங்களில் வளைந்து வந்து பாட்டிலுக்கு வடிவம் வரைந்து கொடுக்கிறது. பின்னணி முழுவதும் வெள்ளையானால் ஓரம் கரைந்து பாட்டில் காணாமல் போகும்.

நகரும் ஒளி: 3 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள செங்குத்தான மென்ஒளிப் பட்டை, பாட்டிலிலிருந்து 80 செ.மீ. தூரத்தில், கேமராவின் வலப்பக்கம். பாட்டிலை மையமாக வைத்து, கேமராவிலிருந்து 40 டிகிரியில் தொடங்கி 60 டிகிரி வரை, ஒரே வேகத்தில் விலகிச் செல்கிறது; நொடிக்கு 2.5 டிகிரி.

முதல் 2 நொடி முகப்பில் ஹைலைட் இல்லை. பின்னொளியும் திரவத்தின் நிறமும் மட்டும். இடப்பக்க உருண்ட மூலையில் மயிரிழை போன்ற ஒளிக்கோடு மட்டும் இருக்கலாம். 2-ஆம் நொடியை ஒட்டி முகப்பின் இடது விளிம்பில் ஹைலைட் நுழைகிறது. 4-ஆம் நொடியில் நடுவில், முகப்பின் மூன்றில் ஒரு பங்கு அகலத்தில், இருபக்கமும் படிப்படியாகத் தேய்ந்து நிற்கிறது. 6-ஆம் நொடிக்குள் வலது விளிம்பில் வெளியேறுகிறது. கடைசி 2 நொடியில் முகப்பு மறுபடியும் தெளிந்து, திரவம் மட்டும் தெரியட்டும். ஹைலைட் மெல்லிய திரைபோல. அதன் வழியாகத் திரவத்தின் நிறம் எப்போதும் தெரிய வேண்டும். சுத்தமான வெண்மை மூலைக்கோட்டில் மட்டும்.

தரை: மேட் அடர்சாம்பல் கல். பாட்டிலைக் கடந்த ஒளி அம்பர் நிறத் திட்டாகத் தரையில் விழுந்து, பாட்டிலின் பின்னாலிருந்து இடப்பக்கம் மெல்ல வெளிப்படுகிறது. ஹைலைட் வலப்பக்கம் போகும்போது இந்தத் திட்டு இடப்பக்கம் நகர வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போனால் விளக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே புரியாது. திட்டின் ஓரம் மென்மையாக. மென்ஒளியில் கூரிய ஒளிநரம்புகள் விழாது.

வேண்டாதவை: சுழலும் பாட்டில், ஜூம், லென்ஸ் ஃபிளேர், மினுமினுப்புத் துகள், புகை, நீர்த்துளி, கைரேகை, கண்ணாடியில் கேமராவின் பிம்பம், நடுவில் திடீரெனக் கூடும் வெளிச்சம், நிறம் மாறும் திரவம்.

எல்லாவற்றையும் ஒருசேரக் காட்ட முடியாவிட்டால் முதலில் தரைத்திட்டை விட்டுவிடலாம், அடுத்து உறிஞ்சு குழாயை. ஹைலைட்டின் சீரான வேகத்தையும் திரவ மட்டத்தின் அசையாமையையும் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.