பொருள்: காரைக்குடிக் கைத்தறி, கண்டாங்கிக் கட்டம், மீட்டர் கணக்கில்

வணக்கம்.

காரைக்குடியிலிருந்து மெய்யம்மை எழுதுகிறேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், டொராண்டோவில் தமிழர்கள் நடத்தும் சில பொட்டிக்குகளுக்கு மட்டும் இந்த மெயிலை அனுப்புகிறேன். அப்பா காலத்திலிருந்து இங்குள்ள தறிக்காரர்களிடம் சேலை எடுத்து விற்கிறோம். இப்போது அதே தறிகளில், நீங்கள் வெட்டித் தைப்பதற்கென்று துணியாகவும் நெய்து வாங்குகிறோம்.

கண்டாங்கி உங்களுக்குத் தெரிந்ததுதான். அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு, பெரிய கட்டம், அகலமான பார்டர். உங்களில் பலருடைய ஆச்சி, அப்பத்தா பெட்டியில் ஒன்றாவது இருந்திருக்கும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தக் குறியீடு சேலைக்குத்தான். நான் அனுப்புவது அதே கட்டங்களை வைத்து நெய்த துணி. ஆகவே லேபிளில் 'காரைக்குடிக் கைத்தறிப் பருத்தி' என்று மட்டும் போடுங்கள், போதும்.

இரண்டு வகை இருக்கிறது. 40-ம் நம்பர் நூலில் நெய்தது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிராம். குர்தா, சட்டை, குழந்தைகளின் கவுனுக்கு ஏற்றது. 20-ம் நம்பர் நூலில் நெய்தது 110 கிராம் வரும்; ஜாக்கெட், பேன்ட், கைப்பைக்கு எடுக்கலாம். என்னைக் கேட்டால் முதலில் 20-ஐப் பாருங்கள். அரக்குக் கட்டம் அதில்தான் நன்றாக எடுத்துக் காட்டுகிறது, டொராண்டோ குளிருக்கும் தாங்கும். இரண்டுமே 46 இஞ்ச் அகலம். விலை 40-ம் நம்பருக்கு மீட்டர் 390 ரூபாய், 20-ம் நம்பருக்கு 430 ரூபாய். கூரியர் செலவு தனி. பில்லை டாலரிலும் போட்டுத் தருகிறேன்.

குறைந்தது எவ்வளவு எடுக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலான பாவு ஒன்று 60 மீட்டர். அதை ஓட்டிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது, அதனால் ஒரு டிசைனுக்கு 60 மீட்டர் எடுக்க வேண்டும். ஆனால் குறுக்கே ஓடும் ஊடையை மாற்றலாம். அரக்குப் பாவில் 20 மீட்டருக்கு ஒருமுறை ஊடை நூலைக் கடுகு, கருப்பு, பச்சை என்று மாற்றினால் ஒரே பாவில் மூன்று துணி கிடைக்கும். சிறிய கடைக்கு இதுதான் நல்ல வழி. இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பாவைப் பங்கு போட்டுக்கொள்வதாக இருந்தாலும் சரி, செய்து தருகிறேன்.

ஒரு தறியில் ஒரு நாளைக்கு ஐந்து மீட்டர் ஓடினால் நல்ல நாள். சாயம், பாவு, கஞ்சி எல்லாம் சேர்த்து ஐந்து வாரம் ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழை. பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட முடியாது, குழித்தறியில் ஈரம் ஏறும். ஆகவே தீபாவளிக்கு உங்கள் கடையில் துணி தொங்க வேண்டுமென்றால் ஜூலைக்குள் சொல்லிவிடுங்கள். அப்புறம் சொன்னால் நான் சரி என்பேன், மழை சரி என்று சொல்லாது.

இனி குறைகள். கட்டம் மில் துணி மாதிரி மில்லிமீட்டர் கணக்கில் ஒத்துப்போகாது. தையலில் கட்டத்தைச் சேர்க்கப் பத்து சதவீதம் கூடுதலாக எடுங்கள். முதல் சலவையில் ஐந்து சதவீதம் வரை சுருங்கும், வெட்டும் முன் நனைத்துக் காய வையுங்கள். ஆசோ சாயம் போடுவதில்லை. அப்படியிருந்தும் போன வருஷம் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய அரக்கு, வெள்ளைப் பட்டையில் இறங்கிவிட்டது. 40 மீட்டரைத் திரும்ப நெய்து கொடுத்தோம். அதிலிருந்து ஒவ்வொரு சாயக் கட்டிலும் ஒரு துண்டு நெய்து, வெள்ளைத் துணியோடு துவைத்துப் பார்த்த பிறகுதான் தறிக்கே அனுப்புகிறேன்.

கஸ்டம்ஸுக்கு: எச்.எஸ். கோடு 40-ம் நம்பருக்கு 5208.41, 20-ம் நம்பருக்கு 5208.42. ஏற்றுமதி உரிமம் இருக்கிறது, ஆரிஜின் சான்றிதழ் வேண்டுமென்றால் எடுத்துத் தருகிறேன். பாதிப் பணம் முன்பணம், மீதி பார்சல் கிளம்பும் முன். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் திருச்சியிலிருந்தே விமானம் இருப்பதால், அங்கே சரக்கு சீக்கிரம் வந்துவிடும்.

எட்டு துணித்துண்டுகளை ஒரு கவரில் போட்டு இலவசமாக அனுப்புகிறேன். கடை முகவரியை இந்த மெயிலுக்குப் பதிலாக எழுதுங்கள். போட்டோவை நம்பி நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்கள் அரக்கு போனில் தக்காளியாகத் தெரிகிறது.

அன்புடன்,
மெய்யம்மை
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்