பொருள்: எங்கள் கடை பெயரில் இயங்கும் போலி சேனல் – புகார் எண் IMP-240912-7731 – 27 நாட்களாகியும் முடிவு வரவில்லை

தேதி: 9 அக்டோபர் 2024

மதிப்புக்குரிய குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியில் ‘மீனாள் சுங்குடி’ என்ற சிறிய சேலைக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் தளத்தில் எங்கள் சேனலின் பெயர் @meenalsungudi_mdu. எங்கள் பெயரையும் வீடியோக்களையும் அப்படியே எடுத்து @meenalsungudi_official என்ற சேனலை யாரோ நடத்தி, வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு சேலை அனுப்பாமல் ஏமாற்றுகிறார்கள். செப்டம்பர் 12-ஆம் தேதி புகார் செய்தேன். அன்றே புகார் எண் வந்தது. அதன் பிறகு எப்போது திறந்து பார்த்தாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான். செப்டம்பர் 23-ஆம் தேதி இரண்டாவது முறை எழுதியதற்குப் பதிலே இல்லை. புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால் அவசரம் உங்களுக்குப் புரியும். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா மகளோடு பஸ் ஏறி கடைக்கு வந்தார். மகளுக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்கு வைத்துக் கொடுக்க 11 சேலை, ஒன்று 850 ரூபாய் என்று 9,350 ரூபாய் அனுப்பியிருக்கிறார். போனில் அந்தப் போலி சேனலின் வீடியோவைக் காட்டி, பிறகு எங்கள் அலமாரியைக் கையால் தொட்டுக் காட்டி, “இதே கடைதானேம்மா, இதே அலமாரிதானே?” என்று கேட்டார். அலமாரி எங்களுடையதுதான். வீடியோவில் பேசுவதும் நான்தான். பணம் போன எண் மட்டும்தான் எங்களுடையதில்லை. கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். அந்த அம்மா சத்தம் போடவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வளைகாப்புக்கு ஆறு நாள்தான் இருந்தது. என் கையிலிருந்து மூன்று சேலை கொடுத்தனுப்பினேன். எல்லாருக்கும் அப்படிக் கொடுக்க என்னால் முடியாது. இதுவரை எங்களிடம் வந்து சொன்னவர்கள் மட்டும் 14 பேர்.

அது போலிதான் என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த சேனலில் உள்ள 61 வீடியோக்களில் 58 எங்களுடையவை. தேதியைப் பாருங்கள், ஒவ்வொன்றும் நாங்கள் போட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே வந்திருக்கும். பல வீடியோக்களை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதனால் என் பின்னால் தெரியும் பெயர்ப் பலகையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கும். எங்கள் போன் எண் வரும் இடத்தில் மஞ்சள் பட்டை ஒட்டி, 4417 என்று முடியும் வேறொரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆகஸ்ட் 30-ஆம் தேதி வீடியோவில் நான் என் வாயாலேயே எங்கள் எண்ணைச் சொல்வதை வெட்ட மறந்துவிட்டார்கள். திரையில் ஒரு எண், காதில் ஒரு எண். அந்த ஒரு வீடியோவைக் கேட்டாலே போதும். கருத்துப் பகுதியில் ‘இது எங்கள் சேனல் இல்லை, பணம் அனுப்பாதீர்கள்’ என்று எழுதினோம், எங்களைத் தடை செய்துவிட்டார்கள்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் புகார்ப் படிவம் வணிகமுத்திரைப் பதிவு எண் கேட்கிறது. எங்களிடம் அது இல்லை. எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் பெரும்பாலானவர்களிடம் இருக்காது. ஆனால் ஜிஎஸ்டி பதிவுச் சான்று, உத்யம் சான்று, கடை வாடகை ஒப்பந்தம், வீடியோக்களின் வெட்டாத மூலப் பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. முதல் புகாரிலேயே அனுப்பினேன், இப்போதும் இணைத்திருக்கிறேன். சுங்குடி என்ற பெயருக்கு நாங்கள் உரிமை கொண்டாடவில்லை. மதுரை சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது, எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர் விற்கிறார்கள், அவர்கள் எல்லாரும் சேனல் நடத்தினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். எங்கள் புகார் எங்கள் கடைப் பெயர், எங்கள் பலகை, என் முகம், என் குரல் பற்றியது.

என் மாமியாரின் முகமும் அதில் இருக்கிறது. அவருக்கு 71 வயது. வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி ஒவ்வொரு முடிச்சாகப் போடுவார். நெருக்கமான வேலை என்றால் ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள் ஆகும். சாயம் தோய்த்துக் காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு புள்ளியும் சின்னதாகப் புடைத்து நிற்கும். அந்தச் சுருக்கத்தைத் தடவிப் பார்த்துத்தான் இது கையால் கட்டியது, அச்சுப் போட்டதில்லை என்று வாங்குகிறவர்கள் நம்புவார்கள். அவர் முடிச்சுப் போடும் வீடியோவைத்தான் அந்த சேனல் முதல் வீடியோவாக வைத்திருக்கிறது. ‘பாட்டி கையால் கட்டியது, இன்று மட்டும் 850’ என்று எழுதியிருக்கிறது. அந்த விலைக்குக் கையால் கட்டிய சேலையை யாராலும் கொடுக்க முடியாது. இது தெரிந்த பழைய வாடிக்கையாளர்கள், நாங்களே அச்சுச் சேலையைக் கைவேலை என்று விற்க ஆரம்பித்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறார்கள். பணம் போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்களை 1930 எண்ணுக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறோம். நானும் cybercrime.gov.in தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன், அதன் நகலும் இணைப்பில் இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, 15 நாளுக்குள் முடித்து வைக்க வேண்டும். அந்த 15 நாள் செப்டம்பர் 27-ஆம் தேதியே முடிந்துவிட்டது. உங்கள் முடிவு சரியில்லை என்று பட்டால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம் என்கிறார்கள். முடிவே வராமல் நான் எதை எடுத்துக்கொண்டு போவது?

ஆகவே தயவுசெய்து இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். என் புகாரை இதுவரை ஆள் யாராவது பார்த்தார்களா, இப்போது அது எந்தப் பிரிவில் இருக்கிறது? ஆவணம் ஏதாவது குறைகிறதா? குறைந்தால் எது என்று சொல்லுங்கள், அன்றே அனுப்புகிறேன். என்றைக்குள் முடிவு வரும்? முழு விசாரணைக்கு நாள் ஆகும் என்றால், அதுவரைக்குமாவது அந்த சேனலை மற்றவர்கள் கண்ணில் படாமல் நிறுத்தி வையுங்கள்.

அப்புறம், சேனலை நீக்கும்போது அதை நடத்தியவர்களின் விவரங்களை அழித்துவிட வேண்டாம். நீக்கியவற்றை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. போலீஸ் கேட்கும்போது அவை இருக்க வேண்டும்.

தீபாவளி இந்த மாதம் 31-ஆம் தேதி. எங்கள் வருஷ வியாபாரத்தில் பாதி இந்த மூன்று வாரத்தில்தான் நடக்கும், அவர்களுக்கும் இதுதான் அறுவடைக் காலம். நேற்று இரவுகூட ‘தீபாவளி காம்போ, முன்பணம் மட்டும்’ என்று புது வீடியோ போட்டிருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர் அந்த ஒரு வீடியோவையாவது இன்றைக்கே திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேச வேண்டும் என்றால், கணக்கில் பதிவான எண்ணில் காலை 10 மணியிலிருந்து இரவு 9 மணி வரை கிடைப்பேன். கடையில் கூட்டம் இருந்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
செ. மீனாள்
உரிமையாளர், மீனாள் சுங்குடி
தெற்கு மாசி வீதி, மதுரை

இணைப்புகள்: ஜிஎஸ்டி, உத்யம் சான்றுகள்; வாடகை ஒப்பந்தம்; 58 வீடியோக்களின் தேதி ஒப்பீட்டுப் பட்டியல்; ஆகஸ்ட் 30 வீடியோ உட்பட வீடியோக்களின் வெட்டாத மூலப் பதிவுகள்; 14 வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பிய ரசீதுகள் (அவர்கள் சம்மதத்துடன்); சைபர் குற்றப் புகாரின் நகல்.