அவசர அறுவை சிகிச்சை காரணமாக 13.03.2025 விசாரணைக்கு மாற்றுத் தேதி கோருதல்

11.03.2025

அனுப்புநர்
ம. செல்வராணி,
வாதி (வழக்கறிஞர் இன்றி நேரில் வழக்காடுபவர்)

பெறுநர்
தலைமை எழுத்தர் அவர்கள்,
உரிமையியல் நீதிமன்றம்

வழக்கு: அசல் வழக்கு எண் 214/2023, பொதுப் பாதை உரிமை
விசாரணை: 13.03.2025, வியாழன், காலை 10.30, வாதி சாட்சியின் குறுக்கு விசாரணை

ஐயா,

மேற்படி வழக்கில் வாதியும் முதல் சாட்சியும் நானே. வரும் வியாழக்கிழமை பிரதிவாதி தரப்பு என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அன்று நான் ஆஜராக இயலாது. இக்கடிதத்தை அதற்கு முன்பே நீதிபதி அவர்களின் பார்வைக்கு வைத்து, வேறு தேதி பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த 09.03.2025 ஞாயிறு இரவு கடும் வயிற்றுவலியுடன் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டேன். குடல்வால் அழற்சி முற்றி, குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்ததால் அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. சீழை வெளியேற்றும் குழாய் இன்னும் வயிற்றில் இருக்கிறது. நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து நரம்பு வழியாக ஏறுகிறது. இந்த வாரக் கடைசிக்கு முன் வீடு திரும்ப வாய்ப்பில்லை என்றும், அறுவை நாளிலிருந்து ஆறு வாரம், அதாவது 20.04.2025 வரை, நீண்ட பயணமும் நெடுநேரம் உட்கார்வதும் கூடாது என்றும் மருத்துவர் சான்றில் எழுதியிருக்கிறார்.

குறுக்கு விசாரணைக்கு எனக்குப் பதிலாக வேறு யாரும் கூண்டில் ஏற முடியாது. காணொலி வழியாகவும் இந்த வாரம் இயலாது. வலி மருந்தின் மயக்கத்தில் தேதிகளையும் அளவுகளையும் பற்றி நான் சொல்லும் பதில், பின்னர் இரு தரப்புக்கும் தகராறாகவே முடியும்.

ஆகவே என் வேண்டுகோள்கள்:

முதலாவதாக, 13.03.2025 அன்று நான் வராததை வேண்டுமென்றே தவறியதாகக் கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்யாமல் வாய்தா வழங்க வேண்டும். ஏப்ரல் 23, 24, 28, 29, 30 ஆகிய நாட்களில் எந்த நாளிலும் நான் வரத் தயார். வேறு தேதிதான் கிடைக்கும் என்றால், ஏப்ரல் 23-க்குப் பிந்தைய எந்தத் தேதியையும் ஏற்கிறேன்.

இரண்டாவது, எனக்கு மிகவும் கவலை தருவது. பாதையின் குறுக்கே சுவர் எழுப்பக் கூடாது என்ற இடைக்காலத் தடை 13.03.2025 வரை மட்டுமே அமலில் உள்ளது. வாய்தா மட்டும் கிடைத்து தடை நீட்டிக்கப்படாவிட்டால் மறுநாளே கட்டுமானம் தொடங்கலாம். சுவர் எழுந்துவிட்டால் வழக்கின் பொருளே மாறிவிடும். எனவே புதிய விசாரணைத் தேதி வரை அத்தடையை நீட்டிக்கும் உத்தரவையும் கோருகிறேன். தேதி மாற்றக் குறிப்போடு இதையும் தனியே குறித்து வைக்குமாறு வேண்டுகிறேன்.

மூன்றாவதாக, அதே நாளுக்குச் சம்மன் பெற்றுள்ள நில அளவையருக்கும் தேதி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அவர் வீணாக அலையக் கூடாது. புதிய சம்மனுக்குரிய படிச்செலவை நான் கட்டுகிறேன்.

இந்த வழக்கில் என் தரப்பில் இதுவரை வாய்தா கேட்டதில்லை. இக்கடிதத்தின் நகலும் மருத்துவச் சான்றின் நகலும் இன்று காலை பிரதிவாதியின் வழக்கறிஞருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பப்பட்டன. தேதி மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் பதில் எழுதியுள்ளார். தடை நீட்டிப்பை நீதிமன்றத்தின் முடிவுக்கு விடுவதாகவும் குறிப்பிட்டுள்ளார். அந்தப் பதிலின் அச்சுப்படியை இணைத்துள்ளேன்.

கடிதம் மட்டும் போதாது, பிரமாணப் பத்திரத்துடன் முறையான மனுவே தேவை என்றால், இதைக் கொண்டுவரும் என் மகளிடம் படிவத்தையும் கட்டணத்தையும் சொல்லி அனுப்புங்கள். நாளை, புதன்கிழமை, அலுவலக நேரத்துக்குள் தாக்கல் செய்கிறோம். ஆவணம் கொடுக்கவும் ஒப்புகை பெறவும் மட்டும் அவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்திருக்கிறேன்; வழக்கு பற்றி வாதிட அல்ல. இரண்டாவது நகலில் பெற்றுக்கொண்ட தேதி, நேரத்துடன் அலுவலக முத்திரை இட்டுத் தர வேண்டுகிறேன்.

என் சொற்படி இதை எழுதியதும் மகளே. வலது கையில் மருந்து ஏறும் ஊசி இருப்பதால் என் கையொப்பம் வழக்குக் கோப்பில் உள்ளதைவிடச் சற்றுக் கோணலாக இருக்கும். சந்தேகம் எழக் கூடாது என்பதற்காகப் பணி மருத்துவர் அருகில் சான்றொப்பம் இட்டிருக்கிறார். மருத்துவமனையை விட்டு வெளியேறும்போதுதான் சிகிச்சைச் சுருக்கம் கிடைக்கும். கிடைத்த மூன்று நாட்களுக்குள் அதன் அசலைத் தாக்கல் செய்வேன்.

இணைப்பு:
1. அனுமதிச் சீட்டின் நகல்
2. அறுவை சிகிச்சை, ஓய்வுக் காலம் குறித்த மருத்துவர் சான்று (அசல், முத்திரையுடன்)
3. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் (மூடிய உறையில், நீதிபதி அவர்களின் பார்வைக்கு மட்டும்)
4. பிரதிவாதி வழக்கறிஞருக்கு அனுப்பிய மின்னஞ்சல், அவர் பதில், பதிவுத் தபால் ரசீது
5. மகளுக்கான அதிகாரக் கடிதம்

இப்படிக்கு,
ம. செல்வராணி
வாதி, அ.வ. எண் 214/2023