பத்து விநாடி இருட்டு

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் மல்லிகா டீக்கடை பெஞ்சில் ஏறக்குறைய முப்பது வருஷமாக நானும் சேகரும் உட்கார்ந்து வருகிறோம். முன்பு அவள் வீட்டுக்காரர் டீ ஆற்றினார், இப்போது அவள் ஆற்றுகிறாள். பெஞ்சும் மாறவில்லை, நாங்கள் உட்காரும் இடமும் மாறவில்லை. சேகர் சுவரோரம், நான் பாய்லர் பக்கம்.

அன்றைக்கு ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சேகர் வந்து உட்கார்ந்தவன் குடையைக்கூட மடக்காமல் ஆரம்பித்துவிட்டான்.

"இதுதான்டா முடிவு. இதுக்கு மேல எவனாலும் எடுக்க முடியாது."

நேற்று ராத்திரிதான் எங்கள் வீட்டு மாடியில் 'தி சோப்ரானோஸ்' என்ற அமெரிக்க சீரியலை முடித்தோம். ஆறு சீசன், 86 எபிசோடு. என் மகள் சென்னையிலிருந்து லேப்டாப்பை வாங்கிக் கொடுத்து, "சும்மா உட்கார்ந்திருக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரி கோமதி போன பிறகு மாடியில் தனியாக எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. சேகர் தினமும் எட்டரைக்கு வந்துவிடுவான். ஒரு கிண்ணத்தில் வேர்க்கடலை, ஒரு சொம்பு தண்ணீர். இங்கிலீஷில் பேசுவது பாதிதான் புரியும், கீழே ஓடும் எழுத்தை நான் சத்தமாகப் படிப்பேன். அதற்கு முந்தின மாசம் 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' பார்த்தோம். அது அஞ்சு சீசன், 63 எபிசோடு.

"அது முடிவே இல்லடா" என்றேன். "அந்த தாதா டோனி குடும்பத்தோட ஹோட்டல்ல உக்காந்து வெங்காய பஜ்ஜி மாதிரி ஒண்ணு சாப்பிடறான். பொண்ணு வெளியில கார நிறுத்தத் தெரியாம தவிக்குது. ஒருத்தன் பாத்ரூமுக்குள்ள போறான். கதவுல மணி அடிக்குது, இவன் நிமிந்து பாக்கறான். படம் இருண்டுடுது. அவ்வளவுதானே? 86 எபிசோடு உக்காந்தவனுக்கு ஒரு பதில் வேணாமா?"

"பதில்தான்டா அது."

"எது, இருட்டா?"

"பத்து விநாடி. எண்ணினேன். சத்தம் இல்ல, பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் பேரு ஓடுது." டீ கிளாஸை வாங்கி விளிம்பை ஊதினான். "2007-ல அமெரிக்காவுல அதப் பாத்த ஜனம் கேபிள் புடுங்கிக்கிச்சுன்னு நெனச்சிருக்கு. எத்தன பேரு ரிமோட்ட அமுக்கியிருப்பான், எத்தன பேரு கேபிள்காரனத் திட்டியிருப்பான்!"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். சேகர் 1993-லிருந்து திருப்பாப்புலியூரிலும் புதுப்பாளையத்திலும் கேபிள் ஓட்டியவன். மொட்டை மாடியில் டிஷ், பக்கத்து அறையில் கண்ட்ரோல் ரூம், வீட்டுக்கு வீடு கறுப்பு ஒயர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அப்போது விழுந்த மரத்தோடு அவன் இழுத்திருந்த ஒயர் முழுக்க தரைக்கு வந்துவிட்டது. மறுபடியும் இழுத்தான். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு பெரிய ஆளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டான். இன்றும் எங்காவது கம்பத்தில் தொங்கும் ஒயரைக் கண்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.

நான் விடுவதாக இல்லை.

"அந்த சிக்ஸ் ஃபீட் அண்டர நெனச்சுப் பாரு. சின்னப் பொண்ணு க்ளேர் வீட்ட விட்டுக் கிளம்பறா. கார் ஓடிக்கிட்டே இருக்கு. நடுநடுவுல ஒவ்வொருத்தர் கடைசியையும் காட்டறான். அம்மா ரூத் ஆஸ்பத்திரிக் கட்டில்ல, பிள்ளைங்க பக்கத்துல நிக்கறாங்க. டேவிட் வயசாகி உக்காந்திருக்கான், எதிர்ல அவனோட வாழ்ந்து செத்துப்போன கீத் இளவட்டமா நின்னு சிரிக்கிறான். கடைசியில க்ளேரே கிழவியாகி, சுவர் முழுக்க போட்டோவுக்கு நடுவுல. ஒவ்வொருத்தருக்கும் வெள்ளத் திரையில பேரு, பொறந்த வருஷம், போன வருஷம். ஒருத்தரையும் விடல பாரு. யாருக்கு என்ன ஆச்சுன்னு நாம தவிக்க வேண்டியதில்ல."

"அத்தன பேரையும் சாவடிச்சு காட்டறது பெரிய விஷயமா?"

"சாவ காட்டல. யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு காட்டறான்."

இதைச் சொன்னதும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த மல்லிகா திரும்பிப் பார்த்தாள். சேகர் ஒன்றும் பேசவில்லை. அவனுக்குத் தெரியும். கோமதி போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைக் கொடுத்து வாங்கி வரச் சொன்னார்கள். கீழே வரிசை. நான் மேலே ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. கையில் மாத்திரைக் கவர், மீதிச் சில்லறை. அந்த இருபது நிமிஷம் எனக்கு இல்லை. அவள் கண் திறந்தாளா, என்னைத் தேடினாளா, எதுவும் தெரியாது. அந்த நாடகத்தில் ரூத்துக்குப் போட்ட வருஷம் 2025. நாங்கள் பார்த்த அதே வருஷம். 2005-ல் எடுத்தவன் என்றைக்கோ வரப்போகிற வருஷம் என்று எழுதியிருப்பான், நான் அந்த வருஷத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அன்று ராத்திரி சேகர் போன பிறகு அந்த ஆறேழு நிமிஷத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அதை அவனிடம் சொன்னதில்லை.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் எந்த சீரியலப் பத்திப் பேசறீங்க?" என்றாள் மல்லிகா, தட்டில் வாழைக்காய் பஜ்ஜியை வைத்துக்கொண்டே.

"இங்கிலீஷ் சீரியல்மா. எது கடைசி எபிசோடு நல்லாயிருக்குன்னு பேச்சு."

"இதுக்கா இவ்ளோ சத்தம்? மெட்டி ஒலி கடைசி நாள் இந்தத் தெருவுல கேட்ட சத்தத்துல பாதி வராது. இவர்தானே அன்னிக்கு கேபிள்?" என்று சேகரைக் காட்டினாள். "ஊரே உக்காந்திருக்கு, பாதியில படம் போயிடுச்சு. எங்க மாமியார் வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வந்தாங்க."

சேகர் சிரித்தான். நானும் சிரித்தேன். 2005 ஜூன். புதுப்பாளையம் பக்கம் கம்பத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையர் புகைந்துபோய் எட்டுத் தெரு இருண்டது. சிதம்பரமும் அவர் அஞ்சு பெண்களும் மூணு வருஷமாக எல்லார் வீட்டுக் கூடத்திலும் இருந்தவர்கள். சேகர் வீட்டு வாசலில் இருநூறு பேர் நின்றார்கள் என்று சொல்வார்கள், நான் பார்த்தபோதே ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பத்தில் ஏறியதை நான்தான் கீழே ஏணியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஜாயின்ட் போட்டு இறங்கும்போது சீரியல் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது" என்றான் சேகர்.

"என்ன நடந்துச்சு?"

"அம்மா இருந்துச்சு இல்ல."

அவன் அம்மாவுக்கு அப்போது படுக்கைதான். கூடத்தில் டி.வி.க்கு எதிரே கட்டில். சீரியல் வந்ததும் தலையணையைத் தூக்கி வைக்கச் சொல்லும். அதில் வரும் சரோஜாவை மாமியார் படுத்தும்போது அம்மா அந்த மாமியாரைத் திட்டுவதை ஜன்னல் வழியாக நானே கேட்டிருக்கிறேன்.

"உள்ள போனேன். திரையில வெறும் புள்ளி. லைன் வந்தது கூட தெரியாம வேற சேனல்ல கிடந்துச்சு. அம்மா அதையே பாத்துக்கிட்டு இருக்கு. 'சேகரு, என்னடா ஆச்சு கடைசியில'ன்னு கேட்டுச்சு. எனக்கு எப்படிடா தெரியும், நான் கம்பத்துல இருந்தேன். ஆனா தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. யாரையாவது கேட்டுட்டு வந்து சொல்லியிருக்கலாம். அதுவும் தோணல. கையில கரி, வேர்வை, அப்படியே கட்டில் ஓரத்துல உக்காந்து நானா ஒரு கதை சொன்னேன்."

மல்லிகா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அதுக்கப்புறம் இருபது நாள்தான் இருந்துச்சு. டெய்லி சாயங்காலம் அதே கதைய சொல்லச் சொல்லும். ஒரு வார்த்த மாறினா கண்டுபிடிச்சிடும். நேத்து நீ இப்படி சொல்லலையேன்னும்." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸை கீழே வைத்தான். "இன்னிக்கு வரைக்கும் அந்த கடைசி எபிசோட நான் பாக்கல. போன்ல கெடைக்குது, என் பையன் போட்டுக் காட்டறேன்னான். வேணாம்னுட்டேன். நேத்து அந்தத் திரை இருண்டுச்சு பாரு, எனக்கு எங்க வீட்டுக் கூடம்தான் தெரிஞ்சுது."

மழை ஓலைச் சரிவில் சடசடவென்று வலுத்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து விழுப்புரம் வண்டியின் சத்தம் கேட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் பழக்கம், நான் ஏணி பிடித்த ராத்திரி, அதற்கடுத்த பத்து நிமிஷம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"நான் பாத்திருக்கேண்ணே" என்றாள் மல்லிகா மெதுவாக. "மறுநாளே எங்க அக்கா முழுசா சொல்லுச்சு. அப்புறம் திரும்பப் போட்டப்பவும் பாத்தேன். சொல்லவா?"

சேகர் கையை உயர்த்தினான். "வேணாம்மா."

அவள் தலையாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப உன் முடிவ சொல்லு" என்றேன்.

"எது?"

"அம்மாவுக்கு சொன்னது."

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். குரல் மாறிப்போயிருந்தது, படுத்திருப்பவருக்குச் சொல்லும் குரல்.

"சிதம்பரம் சாய்வு நாற்காலியில இருக்காரு. பொழுது சாயற நேரம். வாசல்ல ஒரு ஆட்டோ நிக்குது, தனம் எறங்குது. அடுத்த ஆட்டோவுல சரோஜா. அப்புறம் லீலா, விஜி, பவானி. யாரும் யாருக்கும் சொல்லி வெச்சுக்கல. அஞ்சு பேரும் அடுப்படிக்குப் போயி ஆளுக்கு ஒண்ணா பண்றாங்க. அப்பாவ நடுவுல உக்கார வெச்சு சாப்பாடு போடறாங்க. அவரு சாப்பிடறாரு. சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்றாரு. அஞ்சு பேரும் உப்பு எடுக்க எந்திரிக்கிறாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மாப்பிள்ளைங்க எங்கடா?"

"அம்மாவும் அதத்தான் கேட்டுச்சு. வாசல்லயே நிக்கறாங்கம்மான்னேன். சரோஜா புருஷன் மாணிக்கம் கூடவான்னு கேட்டுச்சு. அவன்தாம்மா முன்னாடி நிக்கறான், மழையில நனையறான்னேன். அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சுதுடா. அந்த நோவுலயும்."

மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெய்ப் புகையாகவும் இருக்கலாம்.

"மல்லிகா, இன்னும் ரெண்டு டீ" என்றேன். "இவனுக்கு சர்க்கரை கம்மியா."

"கம்மி பண்ணாதம்மா" என்றான் சேகர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனாலும் அந்த இருட்டுதான்டா பெஸ்ட்டு."

"இல்லடா" என்றேன். "க்ளேர் கார்தான்."