தமிழிலும் சிங்களத்திலும் நீங்கள் எழுதிய ரிவியூவுக்கு எங்கள் பதில்

வணக்கம் மேடம்.

குருநாகலில் இருந்து வந்து, நண்டுக்கறியைப் பற்றித் தமிழிலேயே எழுதிவிட்டீர்கள். குசினியில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பிட்டை விரலால் பிசைந்து சாப்பிட்டோம்" என்ற வரியை அன்ரி திரும்பவும் வாசிக்கச் சொன்னா. முருங்கை இலை போட்டது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இங்கே நண்டுக்கு அது போடாவிட்டால் வீட்டில் கேள்வி வரும்! கடைசியாக, கெட்டிப்பால் விட்ட பிறகு போட வேண்டும். முதலே போட்டால் கசக்கும். மிக்க நன்றி.

குறைகளைச் சிங்களத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். இதையே சிங்கள எழுத்தில் அடுத்த பதிலாகப் போட்டிருக்கிறேன், சேர் வாசிக்கட்டும்.

முதலில் பில். ஒரு கிலோவுக்குக் காசு வாங்கிவிட்டு அரைக்கிலோதான் தந்ததாகச் சேருக்குப் பட்டிருக்கிறது. நண்டை உயிரோடு, ஓட்டோடுதான் நிறுக்கிறோம். உடைத்து, பூ எடுத்து, கழுவிச் சட்டியில் போடும்போது நிறை குறையும். ஓடும் காலும் போக மிஞ்சுவதுதான் சதை. வாவி நண்டின் விலையும் அன்றன்றைக்கு மாறும், அதனால்தான் மெனுவில் "நிறைப்படி" என்று மட்டும் போட்டிருக்கிறோம். பில்லில் கூடுதலாக எதுவும் இல்லை, எனவே காசு திருப்பித் தர வழியில்லை. ஆனால் சேரின் சந்தேகம் நியாயமானது. இனி நண்டைத் தராசில் காட்டி, நிறையும் விலையும் சிங்களத்திலும் எழுதிய துண்டைத் தந்து, நீங்கள் சரி என்ற பிறகுதான் அடுப்பில் வைப்போம்.

அப்புறம் பாடும் மீன். தோணிக்குக் காசு கொடுத்தும் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறீர்கள். அதை மீனிடம்தான் கேட்க வேண்டும் மேடம். நீங்கள் வந்தது அமாவாசைக்கு மறுநாள். போயாவை ஒட்டிய இரவுகளில், காற்றும் அலையும் அடங்கியிருக்கும்போது, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். கல்லடிப் பாலத்தில் லொறி ஓடும் நேரத்தில் அதுவும் கஷ்டம். கேட்கும் என்று நாங்கள் யாருக்கும் உறுதி சொல்வதில்லை, தோணிக்காரரும் சொல்லமாட்டார். அந்தக் கூலி முழுவதும் அவருக்குத்தான் போகிறது, நாங்கள் கொமிஷன் எடுப்பதில்லை.

திரும்ப வருவதாக இருந்தால் போயாவுக்கு முதல் நாள் வந்து சேரப் பாருங்கள். காலையிலேயே போன் பண்ணினால் நண்டு எடுத்து வைக்கலாம். பின்னேரம் சொன்னால் இறால்தான் கிடைக்கும். சேருக்கு உறைப்பைக் குறைத்துத் தனிச்சட்டியில் வைக்கச் சொல்கிறேன்.

பொஹோம ஸ்தூதி.

விடுதிப் பொறுப்பாளர்,
கல்லடி, மட்டக்களப்பு