ஹலோல ஆரம்பிச்சு கடைசி ஓவர் வரைக்கும்

(2024 ஜூன் 29, சனிக்கிழமை ராத்திரி. மாடி வீட்டுக்குப் புதுசா குடி வந்த பையனும் கீழ் வீட்டுக்காரரும் ஃபோன்ல மெசேஜ் அனுப்பி பேசிக்கிட்டது.)

மேல் வீடு: ஹலோ சார்

கீழ் வீடு: யாருங்க?

மேல் வீடு: மாடில புதுசா வந்திருக்கேன் சார், ஹவுஸ் ஓனர் உங்க நம்பர் குடுத்தாரு, ஏதாவதுன்னா உங்ககிட்ட கேக்க சொன்னாரு

கீழ் வீடு: ஓ சரி சரி. சொல்லுங்க என்ன வேணும்

மேல் வீடு: ஒண்ணும் இல்ல சார் சும்மா ஹலோ சொல்லலாம்னு

கீழ் வீடு: ஹலோ

மேல் வீடு: சாப்டீங்களா சார்

கீழ் வீடு: ஆச்சு. நீங்க?

மேல் வீடு: ஆச்சு சார்

கீழ் வீடு: ம்

மேல் வீடு: சரி சார் அப்புறம் பேசலாம், குட் நைட்

(ஒரு மணி நேரத்துக்கும் மேல சத்தமே இல்ல.)

மேல் வீடு: சார் உங்க வீட்லயும் கரன்ட் போச்சா???

கீழ் வீடு: போச்சுப்பா!! கரெக்டா இப்பவா போகணும்

மேல் வீடு: மேட்ச்சா பாத்துட்டு இருந்தீங்க

கீழ் வீடு: பின்ன என்ன சீரியலா பாப்பாங்க இன்னைக்கு, டி20 உலகக் கோப்பை ஃபைனல்யா, சவுத் ஆப்பிரிக்காவோட ஃபைனல், அக்சர் ஓவர்ல அந்த கிளாசன் பொளந்து கட்டி 24 ரன் எடுத்தான், அவங்களுக்கு 30 பந்துல 30 ரன் வேணும்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு, அதோட டப்புன்னு ஒரு சத்தம், எல்லாம் இருட்டு

மேல் வீடு: நானும் அதே 30க்கு 30ல தான் சார் நின்னேன். எனக்கு டிவில எரிச்சலா கரன்ட்ல எரிச்சலான்னே தெரில

கீழ் வீடு: எதிர் வீட்ல மட்டும் லைட் எரியுது பாத்தீங்களா

மேல் வீடு: அதான் சார் புரியல, நமக்கு மட்டும் ஏன்

கீழ் வீடு: ஒரு ஃபேஸ் போயிருக்கும் தம்பி. கம்பத்துல மூணு ஃபேஸ் வருது, தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொண்ணுல குடுத்திருப்பாங்க, அவங்களது வேற ஃபேஸ். ஃப்யூஸ் அடிச்சிருக்கும், ராத்திரி எல்லாரும் ஏசி டிவின்னு போட்டு லோடு ஏறிடுச்சு. புகார் சொல்லியாச்சு, ஆள் அனுப்புறேன்னாங்க. நீங்க ஃப்ரிட்ஜ் பிளக்க கழட்டி வைங்க, திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கி வந்தா கம்ப்ரசர் காலி

மேல் வீடு: கழட்டிட்டேன் சார் தேங்க்ஸ். மேட்ச் என்ன பண்றீங்க

கீழ் வீடு: என்ன பண்றது, வைஃபை போச்சு, மொபைல் டேட்டா இன்னைக்கு கோட்டா தீந்துடுச்சு, மெசேஜ் மட்டும் போகுது, வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு

மேல் வீடு: எனக்கு டேட்டா இருக்கு சார், மேல வாங்க பாக்கலாம்

கீழ் வீடு: முட்டி வலி தம்பி, இருட்டுல படி ஏற முடியாது

மேல் வீடு: அப்ப ஃபோன எடுத்துட்டு நான் கீழ வரவா

கீழ் வீடு: இரு இரு. இப்ப யாரு போடுறா

மேல் வீடு: பும்ரா. ஓவர் முடிஞ்சுது சார், 4 ரன் தான்!! 24 பந்துல 26

கீழ் வீடு: நகராத. உக்காந்த இடத்துலயே உக்காரு

மேல் வீடு: சார்?

கீழ் வீடு: கரன்ட் இருந்தப்ப 24 ரன், போன உடனே 4 ரன். நீ எழுந்திரிச்சு வந்து அது மாறிப்போச்சுன்னா நான் உன்ன சும்மா விடமாட்டேன். அங்கேயே இருந்து எனக்கு டைப் பண்ணு

மேல் வீடு: ஓகே சார் 😂 இப்ப ஆட்டம் நின்னிருக்கு, பண்ட் கீழ படுத்திருக்கான், கால்ல ஏதோ கட்டு போடுறாங்க

கீழ் வீடு: நல்லது நல்லது, கொஞ்ச நேரம் நிக்கட்டும், அடிச்சுட்டே இருக்கிறவன உக்கார வச்சா சூடு ஆறிடும்

கீழ் வீடு: எதிர் வீட்ல கத்துறாங்க என்னாச்சு????

மேல் வீடு: எனக்கு இன்னும் பந்தே போடல சார், ஃபோன்ல லேட்டா தான் வரும்

கீழ் வீடு: நல்ல கத்தலா கெட்ட கத்தலான்னு தெரியலயே

மேல் வீடு: அவுட்டுஊஊ கிளாசன் அவுட் அண்ணே!!! ஹர்திக் வெளிய ஸ்லோவா போட்டான் எட்டி அடிக்கப் போயி எட்ஜ், பண்ட் புடிச்சான்

கீழ் வீடு: அந்த காலோடயேவா!! எவ்ளோ அடிச்சான்

மேல் வீடு: 27 பந்துல 52 அண்ணே. இன்னும் மில்லர் இருக்கான்

கீழ் வீடு: மில்லர் ஒருத்தன் போதும்யா, எனக்கு போன நவம்பர் 19 ஞாபகம் வருது, ஆஸ்திரேலியாகிட்ட தோத்த ஃபைனல், அன்னைக்கு டிவிய ஆஃப் பண்ணிட்டு ஒரு வாரம் யார்கூடயும் கிரிக்கெட் பேசல

மேல் வீடு: நானும்தான், ஆபீஸ்ல எல்லாரும் துக்க வீடு மாதிரி இருந்தாங்க. 18ல 22 இப்ப

மேல் வீடு: பும்ரா யான்சன போல்டு ஆக்கிட்டான்!!!! ஸ்டம்ப் தெறிக்குது. அந்த ஓவர் 2 ரன் தான்ணே

கீழ் வீடு: இப்ப நீ கத்தவே தேவையில்ல, எதிர் வீட்ட வச்சே தெரிஞ்சுக்கிட்டேன். 12ல 20 தானே

மேல் வீடு: ஆமா. அர்ஷ்தீப் போடுறான்... 4 ரன்... கடைசி ஓவர் 16 வேணும், ஹர்திக்

மேல் வீடு: அண்ணே கரன்ட் வந்துடுச்சு!! டிவி போடுங்க

கீழ் வீடு: போட மாட்டேன்

மேல் வீடு: ஏன்ணே

கீழ் வீடு: மெயின ஆஃப் பண்ணிட்டேன். உன்னுதையும் ஆஃப் பண்ணு, அஞ்சு நிமிஷம் தான்

மேல் வீடு: அண்ணே சீரியஸாவா

கீழ் வீடு: பண்ணுடா!!

மேல் வீடு: பண்ணிட்டேன் 😂😂

மேல் வீடு: மில்லர் தூக்கி அடிச்சான் போச்சு சிக்ஸு

மேல் வீடு: இல்ல இல்ல இல்ல சூர்யா புடிச்சிட்டான், ஐயோ என்னண்ணே இது, லாங் ஆஃப்ல கயித்து கிட்ட புடிச்சு வெளிய போறதுக்குள்ள பந்த மேல தூக்கிப்போட்டு, வெளிய போயி, திரும்ப உள்ள வந்து புடிக்கிறான், தேர்டு அம்பயர் பாக்குறாரு

கீழ் வீடு: கயிறுல பட்டுச்சா பாரு கயிறுல பட்டுச்சா

மேல் வீடு: அவுட்டுஊஊஊஊ

கீழ் வீடு: எதிர் வீட்ல தட்டு அடிக்கிறாங்க தம்பி

மேல் வீடு: ரபாடா எட்ஜுல ஒரு ஃபோர். 4 பந்துல 12. பயமா இருக்கு

கீழ் வீடு: இந்த ரபாடா எதுக்கு குறுக்க வர்றான்

மேல் வீடு: ரபாடாவும் அவுட், மறுபடி சூர்யா. ஜெயிச்சாச்சுண்ணே!!! 7 ரன்!!! ஹர்திக் அழுறான், ரோகித் தரையில படுத்துட்டான்

கீழ் வீடு: 2007க்கு அப்புறம் டி20 கப். 2013 சாம்பியன்ஸ் ட்ராஃபிக்கு அப்புறம் எந்த ஐசிசி கப்பும் இல்லாம 11 வருஷம். அன்னைக்கு என் பையன் ஸ்கூல் படிச்சான், இப்ப வேலைக்கே போறான்

மேல் வீடு: கோலி 76 அடிச்சு மேன் ஆஃப் தி மேட்ச், இதுதான் என் கடைசி டி20 உலகக் கோப்பைன்னு சொல்லிட்டான்ணே

கீழ் வீடு: சரியான நேரம். இத விட நல்ல நாள் கிடைக்காது அவனுக்கு. கோச் திராவிட் எங்க, திராவிட்ட காட்டுறானா

மேல் வீடு: கப்ப கைல குடுத்துட்டாங்க, கத்துறாரு பாருங்க, அந்த மனுஷன் இப்படி கத்தி நான் பாத்ததே இல்ல

கீழ் வீடு: நான் பாக்கணும் அத. மெயின போடுறேன் இரு, நீயும் போடு, ஆனா டக்குன்னு போடாத, முதல்ல ஒரு லைட்ட மட்டும் போட்டுப் பாரு, ரொம்ப பளிச்சுன்னு எரிஞ்சா உடனே ஆஃப் பண்ணிடு, நியூட்ரல்ல கோளாறுன்னா டிவி வரைக்கும் புகைஞ்சு போயிடும்

மேல் வீடு: லைட் நார்மலா தான்ணே எரியுது

கீழ் வீடு: அப்ப கீழ வா. இந்த வாட்டி கண்டிப்பா வா, ஹைலைட்ஸ் ஓடுது, அந்த கேட்ச நான் இன்னும் பாக்கவே இல்ல

மேல் வீடு: வரேண்ணே, ஃபோன் 2 பர்சென்ட்ல இருக்கு, சார்ஜர எடுத்துட்டு வந்து அங்க போட்டுக்கவா

கீழ் வீடு: கொண்டா. கதவு திறந்துதான் இருக்கு