டேட்டா போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: அம்பத்தூர் எஸ்டேட் கூட்டத்தில் ஒரு பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள், டீயும் வந்துவிட்டது. குடித்துக்கொண்டே கேளுங்கள். புரொஜெக்டர் கொண்டுவரவில்லை. படம் ஓடினால் கண் அங்கே போய்விடும், நான் சொல்வது காதில் ஏறாது.

கிளவுட் பற்றி உங்களுக்கு என்ன பயம் என்று செயலாளர் போன வாரமே சீட்டில் எழுதி வாங்கிக் கொடுத்தார். ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் ஒரே கேள்விதான்: "டேட்டா போயிட்டா என்ன சார் பண்றது?" ஒருவர் மட்டும் "என் மச்சான் வேண்டாம்னு சொல்றான்" என்று எழுதியிருக்கிறார். மச்சானுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. எத்தனையோ வருஷத்து டிராயிங், பார்ட்டி பாக்கி, ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் ஒரே ராத்திரியில் போனால் மெஷின் நன்றாக இருந்தும் தொழில் நிற்கும். அதனால் பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

இப்போது உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது? ஆபீஸ் ரூமில், மேஜைக்கு அடியில், தரையில் வைத்த ஒரு சிபியுவில். டாலி அதில்தான் ஓடுகிறது. பேக்கப் எடுக்கிறோம் என்பார்கள், அது ஒரு பென்டிரைவில் இருக்கும், பென்டிரைவ் அதே மேஜையின் டிராயரில் கிடக்கும். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் ஈக்காட்டுத்தாங்கலிலும் கிண்டியிலும் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் எஸ்டேட்டிலேயே தண்ணீர் நின்றது, அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து ரீவைண்டிங் செய்து ஓட்டிவிடலாம். நனைந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுக்க ஆள் இருக்கிறார்கள், ஆனால் காசும் அதிகம், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

தண்ணீர் கூட வர வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. விண்டோஸ் அப்டேட் போடாத ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் போதும், அதே நெட்வொர்க்கில் அப்டேட் இல்லாமல் இருக்கும் மற்றவற்றுக்கும் தானாகத் தாவும். எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். இந்த மாதிரி வைரஸ் வரும் நேரத்தில் பென்டிரைவ் செருகியிருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சரி, கிளவுட் என்றால் என்ன? அடுத்தவரின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் எடுக்கிறோம், அவ்வளவுதான். ஃபைல் வானத்தில் மிதக்கவில்லை. ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு அலமாரியில், ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. அந்த மாதிரிக் கட்டடங்கள் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் சேவையில் South India என்று பட்டியலில் வருவது சென்னைதான். அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் டெல்லியிலும் வந்தது.

அங்கேயும் டிஸ்க் கெட்டுப்போகும். அவ்வளவு டிஸ்க் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும். அது போகும் என்று தெரிந்தே ஏற்பாடு செய்திருப்பதுதான் வித்தியாசம். அமேசானின் எஸ்3 என்ற சேமிப்பில் சாதாரண வகையில் ஒரு ஃபைல் போட்டால், ஒன்றுக்கொன்று தள்ளி, தனித்தனி மின்சார ஏற்பாட்டோடு இருக்கும் குறைந்தது மூன்று இடங்களில் அது பிரித்து வைக்கப்படுகிறது. ஒரு டிஸ்க் செத்தால் மற்ற இடங்களில் இருப்பதை வைத்து மறுபடி உருவாக்கிக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இந்த ஏற்பாட்டை நாம் சொந்தமாகச் செய்ய வேண்டுமென்றால் ஷெட்டை விற்க வேண்டும்.

அப்படியானால் போகவே போகாதா? போகும். இதை விற்க வருகிறவர்கள் சொல்ல மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன். 2021 மார்ச்சில் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஎச் என்ற பெரிய கம்பெனியின் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டடமே எரிந்து போனது. சர்வரை மட்டும் வாடகைக்கு எடுத்து, வேறெங்கும் பேக்கப் வைக்காதவர்களுக்கு எல்லாம் போயிற்று. 2025 செப்டம்பரில் தென்கொரியாவில் தேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டரில் தீ. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த, அரசின் சொந்தச் சேமிப்பான ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்று வெளியே பேக்கப் வைக்கவில்லை. ஒரு அரசாங்கத்துக்கே இந்த நிலை.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யுனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் சந்தா ஒன்று கூகுள் பக்கத்துத் தவறால் அழிந்துவிட்டது. இரண்டு இடங்களில் நகல் இருந்தது, இரண்டும் சேர்ந்தே போயின. ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் சந்தாவோடு போயின. ஆனால் அவர்கள் வேறொரு கம்பெனியிடமும் பேக்கப் வைத்திருந்தார்கள். சிரமப்பட்டாலும் மீண்டு வந்தார்கள். நகல் எத்தனை என்பதோடு, அது எத்தனை பேர் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒன்று, கிளவுடில் ஒன்று, வாரம் ஒருமுறை எடுத்துக் கழற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. மூன்று நகல், அதில் இரண்டு ஷெட்டுக்கு வெளியே. இதைச் செய்தால் மேலே சொன்ன எல்லாக் கதையிலும் நீங்கள் தப்பிக்கிற கட்சி.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம். பேங்க் லாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரும் காவலும் பேங்க்குடையது, சாவி உங்களுடையது. கிளவுடும் அப்படித்தான். கட்டடம், மின்சாரம், டிஸ்க் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாஸ்வேர்டு, யாருக்கு அனுமதி, எதை எப்போது அழிப்பது, இதெல்லாம் நம் பொறுப்பு. நம்மைப் போன்ற சின்னத் தொழில்களில் நான் பார்த்தவரை, டேட்டா போனதெல்லாம் சாவிப் பக்கத்தில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் அக்கவுன்டன்ட் தம்பிதான் கூகுள் டிரைவ் ஆரம்பித்துக் கொடுத்தான். அவனுடைய ஜிமெயில், அவனுடைய போன் நம்பர். நல்ல பையன். துபாய்க்கு வேலைக்குப் போனான், இந்திய சிம் செயலிழந்தது, பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துவிட்டது. ஓடிபி எங்கே போகும்? ஓனர் தன் சொந்தக் கணக்கைத் தானே திறக்க முடியாமல் நின்றார். ஆகவே கணக்கு கம்பெனி பெயரில், ஓனரின் போன் நம்பரில் இருக்கட்டும். மீட்புக்கு வீட்டில் இன்னொருவர் நம்பரையும் கொடுங்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள், பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பும் கேட்கும். அது கொடுக்கும் பேக்கப் கோடுகளைப் பிரின்ட் எடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள். வேலையாட்களுக்குத் தனித்தனி லாகின் கொடுங்கள். ஒருவர் போனால் அவருடையதை மட்டும் மூடிவிடலாம்.

அப்புறம், சிங்க் வேறு, பேக்கப் வேறு. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை கூகுள் டிரைவோடு இணைத்து வைத்தால் அது சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே வைரஸ் பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் அங்கேயும் ஏறும். கூகுள் டிரைவின் டிராஷில் 30 நாள் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். மார்ச்சில் யாரோ அழித்ததை ஜூனில் ஆடிட்டர் கேட்கும்போது தேடினால் கிடைக்காது. அதனால் தேதி போட்ட பேக்கப் ஃபைல்களாக வையுங்கள், பழையதன் மேலேயே புதியதை எழுதாதீர்கள்.

டாலி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். டாலி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டேட்டா ஃபோல்டரையே சிங்க்கில் போட்டால் ஃபைல் கெட வாய்ப்பு உண்டு. டாலிபிரைமில் Alt+Y அழுத்தி Backup கொடுங்கள். வரும் பேக்கப்பைத் தேதியிட்ட ஃபோல்டரில் போட்டு, அதை கிளவுடுக்கு ஏற்றுங்கள்.

இப்போது சீட்டுகள். டை மேக்கிங் செய்யும் அண்ணன் ஒருவர், "என் டிராயிங்கை கம்பெனிக்காரன் பார்த்து எதிர் பார்ட்டிக்குக் கொடுத்துட்டா?" என்று கேட்டிருக்கிறார். பெரிய சேவைகளில் ஃபைல் போகும்போதும் தங்கியிருக்கும்போதும் என்கிரிப்ட் செய்யப்படுகிறது, அதாவது வெளியார் படிக்க முடியாதபடி மாற்றப்படுகிறது. அப்படியும் மனசு ஒப்பாவிட்டால் 7-Zip மாதிரி ஒரு சாஃப்ட்வேரில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு ஏற்றுங்கள். ஆனால் அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது, நான் வந்தாலும் முடியாது. டிராயிங் வெளியே போவதென்றால் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் போகும் என்பதையும் அண்ணன் யோசிக்க வேண்டும்.

தையல் யூனிட் நடத்தும் அம்மா, "பணம் கட்ட மறந்தா?" என்று கேட்டிருக்கிறார். உடனே அழிக்க மாட்டார்கள், முதலில் புதிதாக ஏற்ற விடமாட்டார்கள். எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பது ஒவ்வொரு சேவைக்கும் மாறும், சேரும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கூகுளில் தனிநபர் கணக்கை இரண்டு வருஷம் தொடாமலே விட்டால் அழிக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. கம்பெனி டேட்டாவை யாரும் திறக்காத பழைய ஜிமெயிலில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

நெட் போனால்? நெட் வரும்வரை கம்ப்யூட்டரில் இருக்கும் நகலில் வேலை செய்யுங்கள். அதற்குத்தான் மூன்று நகல்.

சட்டம் ஒரு வரி. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால், கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் ஏற வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். பேக்கப் எடுக்கிறோம் என்பவர்களிடம் "திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சே வராது. இந்த மாதம் ஜிஎஸ்டிஆர்-3பி போட்ட மறுநாள், வேறொரு கம்ப்யூட்டரில் டாலி திறந்து, கிளவுடிலிருந்து பேக்கப்பை இறக்கி, Restore கொடுங்கள். பழைய கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு பார்ட்டியின் லெட்ஜரை எடுத்து பாக்கி சரியாக வருகிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெள்ளம் வந்த மறுநாள் உங்களுக்கு ஆகப்போகும் நேரம் அதுதான். வரவில்லையென்றால் எனக்குப் போன் செய்யுங்கள், நம்பர் செயலாளரிடம் இருக்கிறது.

லேப்டாப் கொண்டுவந்தவர்கள் பின்வரிசை மேஜைக்கு வாருங்கள், டூ-ஸ்டெப் போடுவதை இப்போதே செய்துவிடலாம். மச்சான் வந்திருந்தால் அவரும் வரலாம்.